அடுக்கை நீக்கிவிட்டால் எடையை யார் பார்ப்பது?

வித்துராப் பகுதியில் பிளஸ் டூ வணிகவியல் படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு வழிகாட்டிக் கட்டுரை கைமாறிக்கொண்டிருக்கிறது. எழுதியவர் மேலாண்மை கற்பிப்பவர். உயர் அடுக்கு அமைப்பு சிறந்ததா, தட்டை அமைப்பு சிறந்ததா என்று தேர்வில் கேட்டால் எழுத வேண்டிய மாதிரி விடை அது. உதாரணத்துக்கு அவர் வெளியூர் போகவில்லை. வித்துராவுக்கு மேலே இருக்கும் பொன்முடி, போனக்காடு மலைச்சரிவுகளையே எடுத்துக்கொண்டிருக்கிறார். தோட்டத்தில் துரை, சின்னத்துரை, ஃபீல்டு ஆபீசர், சூப்ரவைசர், தொழிலாளி என்று ஐந்து படிகள். செய்தி படியேறுவதற்குள் காரியம் கெட்டுவிடுகிறது. தோட்டங்கள் நொடித்ததற்கு இந்தப் படிகளே காரணம் என்கிறார். நடுவில் இருக்கும் இரண்டு படிகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சூப்ரவைசரின் கட்டுப்பாட்டு வீச்சையும் இரட்டிப்பாக்க வேண்டும் என்பது அவர் தரும் மருந்து. தட்டை அமைப்பே நவீனம், உயர் அடுக்கு காலனியாதிக்க எச்சம் என்று விடை முடிகிறது.

இந்த விடை தவறு. போகட்டும் என்று விடக்கூடிய தவறும் அல்ல. அதை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளில் சிலருடைய பாட்டிமார் அந்தச் சரிவுகளில் கொழுந்து எடுத்தவர்கள். தங்கள் குடும்பம் ஏன் மலையிறங்க நேர்ந்தது என்ற கேள்விக்கு ஒரு பொய்யான பதிலைத் தேர்வறையில் கைப்பட எழுத வைக்கிறார் இவர். அதனால்தான் பதில் சொல்கிறேன்.

கட்டுரை முழுவதிலும் தோட்டத்தின் ஆட்கணக்கு ஒன்றுகூட இல்லை. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், ஒருவர் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று சொல்லாமல் உயரத்தையும் தட்டையையும் பேசவே முடியாது. ஒரு நடுத்தரத் தோட்டத்தைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். கொழுந்து எடுப்பவர்கள் 480 பேர். 30 பேருக்கு ஒரு சூப்ரவைசர் என்றால் 16 சூப்ரவைசர்கள். நால்வருக்கு ஒருவராக 4 ஃபீல்டு ஆபீசர்கள், இருவருக்கு ஒருவராக 2 உதவி மேலாளர்கள், மேலே ஒரு மேலாளர். ஐந்து படிகள், மொத்தம் 503 பேர், அவர்களில் மேற்பார்வை செய்பவர்கள் 23 பேர். கட்டுரையாளர் நண்பர் சொல்வதுபோல நடுப்படிகள் இரண்டையும் நீக்கினால் குறைவது 6 பேர். 503 பேர் உள்ள இடத்தில் 6 பேர். ஒரு தோட்டத்தையே வீழ்த்திய சுமை இந்த 6 பேரின் சம்பளம் என்று நம்பச் சொல்கிறார்.

இதே கணக்கில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அடியில் வீச்சு 30, அதற்கு மேலே 4, அதற்கும் மேலே 2. ஒரே அமைப்பு, மூன்று வீச்சுகள். படிநிலைச் சங்கிலி என்ற கருத்தை வகுத்த ஆன்றி ஃபயோல் பிரான்சில் ஒரு சுரங்க, உலோக நிறுவனத்தை 1888 முதல் 1918 வரை நடத்தியவர். 1916-இல் வெளியான தன் நூலில் அவர் போட்ட கணக்கிலும் அடிமட்டத்தில் ஒருவருக்கு 15 தொழிலாளிகள், அதற்கு மேலே ஒவ்வொரு படியிலும் ஒருவருக்கு 4 பேர்தான். ஆக, கட்டுப்பாட்டு வீச்சு என்பது ஒரு நிறுவனத்துக்கு ஒரே எண்ணாக ஒருபோதும் இருந்ததில்லை. வேலை மாறும் இடத்தில் வீச்சும் மாறும். "இந்தத் தோட்டத்தின் வீச்சு குறுகலானது" என்று கட்டுரையாளர் ஒரே வரியில் எழுதுகிறார். எந்தப் படியில் என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை.

வேலை எப்படி வீச்சைத் தீர்மானிக்கிறது என்பதை அவரே மேற்கோள் காட்டும் கிரைகுனாஸ் வாய்பாட்டை வைத்தே காட்டலாம். 1933-இல் கிரைகுனாஸ் ஒரு மேலாளருக்கும் அவருக்குக் கீழே உள்ளவர்களுக்கும் இடையே ஏற்படக்கூடிய உறவுகளை எண்ணினார். தனித்தனியே மேலாளருக்கும் ஆளுக்கும் உள்ள உறவு, கூட்டமாக இருக்கும்போது உள்ள உறவு, ஆட்களுக்குள்ளேயே உள்ள குறுக்குறவு என்று மூன்று வகை. 4 பேர் என்றால் 44 உறவுகள், 5 என்றால் 100, 6 என்றால் 222, 8 என்றால் 1,080. பாடநூல்கள் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன, கட்டுரையாளரும் நிறுத்திக்கொள்கிறார். நான் 30-க்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 1,610 கோடி வருகிறது. அப்படியானால் 30 பேரைப் பார்க்கும் சூப்ரவைசர் முதல் நாளே திணறிப்போயிருக்க வேண்டும். ஆனால் அவர் மாலை எடை முடித்து அமைதியாக வீட்டுக்குப் போகிறார்.

காரணம் எளியது. வாய்பாடு எண்ணுவது ஏற்படக்கூடிய உறவுகளை. கொழுந்து எடுக்கும் வேலையில் அந்த உறவுகளில் மிகப் பெரும்பாலானவை ஏற்படுவதே இல்லை. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிரை. பக்கத்து நிரைக்காரி வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் இவள் கூடையில் விழும் கொழுந்து மாறாது. இதைத்தான் உர்விக் ஒரு நிபந்தனையாகவே சொன்னார்: யாருடைய வேலை ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறதோ அத்தகையவர்களில் ஐந்து பேருக்கு, மிஞ்சினால் ஆறு பேருக்கு மேல் ஒருவர் நேரடியாக மேற்பார்க்க முடியாது. பின்னிக்கிடப்பது என்ற நிபந்தனையை வெட்டி எறிந்துவிட்டு, "உர்விக் ஆறுதான் என்றார், அது பழங்கதை" என்று கட்டுரையாளர் கடந்துபோகிறார். இது ஒருவர் சொன்னதைத் திரித்துவிட்டு அந்தத் திரிபை மறுக்கும் வேலை. மாணவனுக்குத் தேவையான ஒரே சொல்லை நீக்கிவிட்டு மீதியைக் கையில் கொடுத்திருக்கிறார்.

அப்படியானால் 30 பேரைப் பார்ப்பவர் 60 பேரையும் பார்க்கலாமே என்று கேட்கலாம். கட்டுரையாளர் கேட்பதும் அதுதான். சூப்ரவைசர் நிரைகளுக்குப் பின்னால் நடக்கிறார். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக எடுக்கிறார்களா, முற்றிய இலை சேர்கிறதா, செடியில் எடுக்காமல் விட்ட தளிர் இருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு எடை நேரத்தில் தராசருகே நிற்கிறார். 60 பேர் என்றால் அவர் பார்க்க வேண்டிய சரிவின் அகலம் இரட்டிப்பாகிறது. தரையோ பொன்முடிச் சரிவு, சமவெளி அல்ல. மழையும் மூடுபனியும் உள்ள நாளில் ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனை தெரியாது. தவறு அன்றைக்கே கண்ணில் படாமல் போகும். எப்போது படும்? ஆலையில் இலை இறங்கும்போது முற்றிய இலையின் பங்கு கூடியிருக்கும். விட்டுப்போன தளிர் அடுத்த சுற்றுக்குள் முற்றிவிடும். ஒரு பிளாக்கில் கொழுந்துச் சுற்று ஏழு முதல் பத்து நாளில் திரும்பி வர வேண்டியது நழுவிப்போகும். ஒரு சூப்ரவைசரின் சம்பளத்தை மிச்சம்பிடித்த இடத்தில் தேயிலையின் தரம் போகும், ஏல விலை போகும். இந்த நஷ்டம் சம்பளப் பட்டியலில் தெரியாது. அதனால்தான் தட்டை அமைப்பை விற்பவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை.

எடை இன்னும் முக்கியம். குறைந்தபட்ச அளவுக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கிலோவும் தொழிலாளியின் வருமானம். மழை நாளில் ஈரத்துக்கு என்று எத்தனை கிலோ கழிப்பது என்பது தினசரி வாக்குவாதம். 60 பேர் ஒரே தராசில் கூடினால் அந்த வாக்குவாதத்தைக் கேட்டு முடிக்க ஆளில்லை. கழித்தது கழித்ததுதான். அடுக்கைக் குறைப்பது தொழிலாளிக்கு விடுதலை என்று எழுதுகிறவர், அவள் முறையிடப் போகும் முதல் ஆளின் நேரத்தைப் பாதியாக்குகிறார்.

இனி, சூப்ரவைசர்களைக் குறைக்காமல் நடுப்படிகளை மட்டும் நீக்கிய மேலாளரைப் பார்ப்போம். அவருக்குக் கீழே நேரடியாக 16 சூப்ரவைசர்கள். ஒவ்வொருவரும் தாமே முடிக்க முடியாத மூன்று விஷயங்களை நாளொன்றுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வைப்போம்: ஒருத்திக்குப் பாம்பு கடித்தது, மருந்து அடிக்கும் குழு வரவில்லை, எந்த பிளாக்கை நாளை எடுப்பது. ஒன்றுக்குப் பத்து நிமிடம். பதினாறின் மும்மடங்கு 48 விஷயம், 480 நிமிடம், எட்டு மணி நேரம். மேலாளரின் நாள் முழுவதும் அதிலேயே தீர்ந்துவிட்டது. ஆலை, வங்கி, தொழிலாளர் துறை, உர லாரி எல்லாம் நாளைக்கு. அந்த நாளையும் வராது. நால்வருக்கு ஒரு ஃபீல்டு ஆபீசர் இருந்தால் அதே விஷயங்கள் ஆளுக்குப் பன்னிரண்டு, இரண்டு மணி நேரம். அவர் தோட்டத்திலேயே நிற்பவர், முகம் தெரிந்தவர். பாம்பு கடித்தவளை ஏற்றிச் செல்ல ஜீப்புக்கு அவரே சொல்லிவிடுவார்.

கட்டுரையாளர் காணத் தவறிய மையமான விஷயம் இது. படிகளைக் குறைத்தால் ஏணியில் ஏறும் நேரம் குறையும், உண்மை. ஆனால் மேலே ஒருவர் வாசலில் காத்திருக்கும் நேரம் கூடும். தாமதம் ஒழியாது, இடம் மாறும். எத்தனை படி என்பதைவிட எத்தனை விஷயம் படியேற வேண்டியிருக்கிறது என்பதே வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஐந்து படி உள்ள தோட்டத்தில் பெரும்பாலான விஷயங்கள் இரண்டாம் படியிலேயே முடிந்தால் அது வேகமான தோட்டம். மூன்று படி உள்ள தோட்டத்தில் எல்லாமே மேலாளரிடம் போய் நின்றால் அது மந்தமான தோட்டம்.

படிநிலைச் சங்கிலி பற்றி அவர் எழுதியிருப்பது இதைவிட மோசம். சங்கிலி என்றாலே தாமதம் என்று வரையறுக்கிறார். ஃபயோல் அதே பக்கங்களில் அந்தத் தாமதத்துக்கு மருந்தும் சொல்லியிருக்கிறார். A என்பவர் உச்சியில். ஒரு பக்கம் B முதல் G வரை இறங்குகிறது, மறுபக்கம் L முதல் Q வரை இறங்குகிறது. F-க்கு P-யிடம் பேச வேண்டும். சங்கிலி வழியே போனால் F-இலிருந்து A வரை ஐந்து தாவல், A-இலிருந்து P வரை ஐந்து தாவல், பதில் திரும்பி வர இன்னும் பத்து. ஃபயோல் F-க்கும் P-க்கும் நேரே ஒரு பலகை போடச் சொன்னார். பாடநூல்கள் கேங் பிளாங்க் என்று கற்பிப்பது அதுவே. ஒரே தாவல். ஆனால் நிபந்தனை உண்டு. அவர்களுடைய நேர் மேலாளர்களான E-யும் O-வும் அனுமதித்திருக்க வேண்டும். பேசி முடித்ததை F-உம் P-உம் உடனே தத்தம் மேலாளரிடம் சொல்ல வேண்டும். இருவரும் ஒத்துப்போகாவிட்டாலோ, மேலாளர்கள் ஒப்புதல் தராவிட்டாலோ நேர்ப்பேச்சு நின்றுவிடும், விஷயம் சங்கிலிக்குத் திரும்பும்.

தோட்டத்தில் இதன் பொருள் என்ன? கொழுந்து ஏற்றிய வண்டி வளைவில் பழுதாகி நிற்கிறது. கூட்டிக் குவித்த பச்சை இலை தன் சூட்டிலேயே வெந்து சிவக்கத் தொடங்கும். சங்கிலிப்படி சூப்ரவைசர் ஃபீல்டு ஆபீசரிடம், அவர் உதவி மேலாளரிடம், அவர் மேலாளரிடம், மேலாளர் ஆலைப் பொறுப்பாளரிடம், அவர் இலை இறக்கும் இடத்தில் உள்ளவரிடம் என்று ஐந்து தாவல். பலகை இருந்தால் சூப்ரவைசர் ஆலையில் இலை வாங்குபவரையே போனில் அழைக்கிறார்: "அண்ணே, வண்டி நின்னுபோச்சு, வேற வண்டி அனுப்புங்க, வாட்டுத் தொட்டியில இடம் வச்சுக்குங்க." வேலை முடிந்ததும் தன் ஃபீல்டு ஆபீசரிடம் சொல்லிவிடுகிறார். ஐந்து தாவல் ஒன்றானது. ஒரு படிகூட நீக்கப்படவில்லை. ஒருவர் வேலைகூடப் போகவில்லை. தாமதத்துக்கு மருந்து ஃபயோலிடமே இருக்கும்போது, படியை வெட்டு என்று மாணவனுக்குச் சொல்லிக்கொடுப்பது படிக்காமல் எழுதியதன் விளைவு. ஒரு மதிப்பெண் வினாவாக கேங் பிளாங்க் என்பதை விளக்கிவிட்டு, இரண்டு பக்கம் தள்ளி அதை மறந்துவிட்டிருக்கிறார்.

ஆய்வுச் சான்றாக அவர் வைப்பது ஒன்றே ஒன்று. அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் வொர்தி 1950-இல் எழுதிய கட்டுரை. குறைந்த படிகளும் அகன்ற வீச்சும் உள்ள கடைகளில் ஊழியர் மனநிலை நன்றாக இருந்தது என்றார் வொர்தி. அது முக்கியமான கட்டுரை. ஆனால் ஒரு கடைக்குள் துணிப் பிரிவும் பாத்திரப் பிரிவும் தனித்தனியே விற்பவை, ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருப்பதில்லை. தோட்டமும் ஆலையும் சேர்ந்த அமைப்பு அப்படியல்ல. காலையில் எடுத்த இலை அன்றே வாட வேண்டும், பிறகு உருட்ட வேண்டும், புளிக்க வேண்டும், உலர வேண்டும். ஒன்று பிசகினால் அடுத்தது நிற்கும். 1969-இல் கார்ஸோவும் யனூஸாஸும் பதினைந்து பதினைந்து பேர் கொண்ட குழுக்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். தட்டைக் குழுவில் ஒருவருக்குக் கீழே பதினான்கு பேர். உயர் குழுவில் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று நான்கு படிகள். முடிவெடுக்க ஆன நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. லாபத்தில் உயர் குழுக்களே மேலாக இருந்தன. இது ஆய்வுக்கூடச் சோதனை, இதை வைத்து உயர் அடுக்கே எங்கும் வெல்லும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "தட்டை வேகமானது என்று நிரூபிக்கப்பட்டுவிட்டது" என்ற அவருடைய வரி பொய் என்று சொல்ல இது போதும்.

காலனியாதிக்க எச்சம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் ஒரு உண்மையான கொடுமையைத் தவறான இடத்தில் கட்டிவைக்கிறார். பழைய கங்காணி கொடியவனாக இருந்தது அவன் ஒரு படி என்பதால் அல்ல. ஊரிலிருந்து ஆள் பிடித்து வந்தவனும் அவனே, முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்கியவனும் அவனே, களத்தில் மேற்பார்த்தவனும் அவனே. தொழிலாளிக்கும் துரைக்கும் இடையே இருந்த ஒரே வாய் அவனுடையது. அவனைத் தாண்டி முறையிட வேறு வழி இல்லாததே அவன் அதிகாரத்தின் ஊற்று. இன்றைய சூப்ரவைசர், ஃபீல்டு ஆபீசர், உதவி மேலாளர் என்ற படிகளில், ஒருவர் கழித்த எடையை இன்னொருவரிடம் கேட்க ஒரு இடமாவது இருக்கிறது. அந்த இடங்களை நீக்கி, 60 பேருக்கு ஒரு சூப்ரவைசர், அவருக்கு மேலே எட்டாத தூரத்தில் ஒரு மேலாளர் என்று வைத்தால், பழைய கங்காணிக்கு மிக அருகில் வருவது நண்பர் பரிந்துரைக்கும் அமைப்புதான்.

மூணாறை அவர் துணைக்கு அழைப்பதும் பலிக்காது. 2015 செப்டம்பரில், பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான கொழுந்துத் தொழிலாளர்கள் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் திரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே பேசினார்கள். 20 சதவீத போனஸ் கேட்டார்கள், போனஸும் கருணைத்தொகையுமாக அது கிடைத்தது. உண்மை. ஆனால் அவர்கள் வேலை செய்த நிறுவனம் 2005-இல் உருவானபோதே பங்குகளின் பெரும்பகுதி ஊழியர்களுக்கு வழங்கப்பட்டிருந்தது. உரிமை கீழே இறங்கியிருந்த நிறுவனத்தில்தான் அந்தப் போராட்டம் வெடித்தது. அவர்கள் உடைத்தது நிர்வாகப் படிகளை அல்ல. தங்கள் பேச்சை எடுத்துச் செல்லாத பிரதிநிதிகளை. அடுத்த மாதம் தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது, அதுவும் மாநிலத் தோட்டத் தொழிலாளர் கமிட்டியின் மேசையில் ஆனது. எந்த ஒரு தோட்டத்தின் மேலாளருக்கும் அந்த எண்ணைத் தீர்மானிக்கும் அதிகாரம் இல்லை. அவருக்குக் கீழே நான்கு படி இருந்தாலும் ஒரு படி இருந்தாலும் இல்லை.

கடைசியாக, போனக்காடு. அங்கே தேயிலை ஆலை மூடிக்கிடக்கிறது, லயங்கள் இடிந்துகொண்டிருக்கின்றன, வர வேண்டிய கூலிக்கும் பணிக்கொடைக்கும் குடும்பங்கள் பல ஆண்டு அலைந்திருக்கின்றன. இதற்கு ஐந்து படிகள் காரணம் என்கிறார். அதே ஐந்து படிகள் தோட்டம் செழித்திருந்த காலத்திலும் இருந்தன. நல்ல காலத்திலும் கெட்ட காலத்திலும் மாறாமல் இருந்த ஒன்று, கெட்ட காலத்துக்கு மட்டும் எப்படிக் காரணமாகும்? 1990-களின் இறுதியில் தொடங்கித் தென்னிந்தியத் தேயிலை விலை சரிந்தது, பீருமேட்டிலும் பல தோட்டங்கள் அடைத்துக்கொண்டன. வயதான செடியைப் பிடுங்கி மறுநடவு செய்ய முதல் போடாதது, ஆலை இயந்திரத்தைப் புதுப்பிக்காதது, உரிமையாளர் கைவிட்டது என்று தேட வேண்டிய இடங்கள் இவை. அவற்றைத் தேடாமல் சூப்ரவைசர் எண்ணிக்கையில் பழியைப் போடுவது, முதல் போடாதவர்களைத் தப்பவிடுவது.

நண்பரே, தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்த மாதிரி விடையைத் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக மாணவர்களிடம் நான்கு கேள்விகளைக் கொடுங்கள்: ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர், அவர்கள் வேலை ஒன்றோடொன்று பின்னுகிறதா, தவறு எங்கே எப்போது கண்ணில் படுகிறது, எந்த விஷயம் எந்தப் படியில் முடிய வேண்டும். இந்த நான்கையும் எழுதிய பிறகு உயரமா தட்டையா என்பதை அவர்களே சொல்லட்டும். நான் விடைத்தாள் திருத்தினால் அந்தப் பிள்ளைக்கு முழு மதிப்பெண் தருவேன், எந்தப் பக்கம் சாய்ந்து எழுதினாலும்.